பேரிங் எண்ணைச் சரியாகப் பிடிக்கும் தேடல்: ஸ்கோரைக் கூட்டுவதா, வரிசையை இணைப்பதா?

கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடைக்காகச் சாட்பாட் அமைத்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. சொற்களின் அர்த்தத்தை எண்வரிசையாக்கி எது எதற்கு நெருக்கம் என்று பார்க்கும் வெக்டர் தேடலை மட்டும் நம்புவது முதலாவது. சொல் தேடலின் ஸ்கோரையும் வெக்டர் ஸ்கோரையும் எடை போட்டுக் கூட்டுவது இரண்டாவது. ஸ்கோரை விட்டுவிட்டு, இரண்டு பட்டியல்களிலும் பொருள் எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதை மட்டும் இணைப்பது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம். அதற்கு முன்னால் ஒரு தனிப் பாதை போட வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வழியைச் சீக்கிரமே கடந்துவிடலாம். "மோட்டார் ஓடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது" என்று ஒருவர் எழுதினால் வெக்டர் தேடல் பேரிங் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆனால் 6204-2RS என்று கேட்டவருக்கு 6205-2RS-ஐ எடுத்து நீட்டவும் அது தயங்காது. இரண்டின் விவரக்குறிப்பும் ஏறக்குறைய ஒன்றே. பேரிங் எண்ணைத் துண்டுதுண்டாக உடைத்துப் படிப்பதால் ஓர் இலக்க வித்தியாசம் வெக்டரில் அமுங்கிவிடுகிறது. பட்டறையிலோ அந்த ஓர் இலக்கம்தான் எல்லாம். 6204-இன் உள்விட்டம் 20 மி.மீ., 6205-க்கு 25 மி.மீ. 20 மி.மீ. தண்டில் 25 மி.மீ. பேரிங் லொடலொடவென்று ஆடும்.

ஆகவே சொல் தேடலும் வேண்டும். பெரும்பாலான தேடுபொறிகள் இதற்குப் பயன்படுத்தும் பிஎம்25 முறை, அரிதாக வரும் சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறது. 2RS நூற்றுக்கணக்கான பொருள்களில் இருப்பதால் அதன் மதிப்புக் குறைவு. 6204 சிலவற்றில் மட்டுமே இருப்பதால் அதிகம். நமக்கு வேண்டியதும் அதுவே. இனி, இந்த இரண்டு பட்டியல்களையும் எப்படிச் சேர்ப்பது?

எடை போட்டுக் கூட்டுவதில் ஒரு நல்ல குணம் உண்டு. முதல் பொருள் 14 ஸ்கோரும் இரண்டாவது 5 ஸ்கோரும் பெற்றால் அந்த இடைவெளி கணக்கில் தங்குகிறது. எண் அப்படியே பொருந்திய பொருள் எளிதில் கீழே இறங்காது. சிக்கல் வேறிடத்தில். பிஎம்25 ஸ்கோருக்கு உச்சவரம்பு கிடையாது; வெக்டர் ஒற்றுமையோ பல மாடல்களில் ஒரு குறுகிய இடைவெளிக்குள் நெருக்கியடித்து நிற்கும். எனவே இரண்டையும் 0 முதல் 1 வரைக்குச் சுருக்கித்தான் கூட்ட வேண்டும். அப்படிச் சுருக்கினால் பட்டியலில் முதலில் நிற்பது எப்போதும் 1 வாங்கிவிடும், அது எவ்வளவு நோஞ்சான் பொருத்தமாக இருந்தாலும் சரி. சத்தம் பற்றிய கேள்வியில் "மோட்டார்" என்ற ஒரு சொல் பொருந்தியதற்காக ஏதோ ஒரு மோட்டார் மூடி முழு மதிப்பெண்ணோடு மேலே வந்து உட்காரும்.

இதையும் எடையை மாற்றிச் சமாளிக்கலாம். ஆனால் பராமரிப்பு என்று வரும்போது என் முடிவு இங்கேதான் உறுதியானது. அந்த எடை, குறிப்பிட்ட ஒரு வெக்டர் மாடலுக்கும் குறிப்பிட்ட ஒரு சரக்குப் பட்டியலுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தது. மாடலை மாற்றினால் ஒற்றுமை எண்கள் வேறு வட்டத்துக்கு நகரும். புதிய பிராண்டின் சரக்கு மொத்தமாக வந்து சேர்ந்தால் எந்தச் சொல் அரிது என்ற கணக்கே மாறும். ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து எடையைத் திருத்த வேண்டும். கடையில் அதற்கு ஆள் கிடையாது. ஸ்டாக் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கணக்கர் இருக்கிறார், அவ்வளவுதான்.

வரிசை இணைப்பில், அதாவது ஆர்ஆர்எஃப் முறையில், திருத்த ஏறக்குறைய எதுவுமில்லை. ஒவ்வொரு பட்டியலிலும் பொருளின் இடத்தோடு 60-ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்து, வரும் விடைகளைச் சேர்த்தால் போதும். 2009-இல் கார்மாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதிய கட்டுரையில் வந்த அந்த 60 இன்றும் பெரும்பாலான மென்பொருள்களில் அப்படியே இருக்கிறது. மாடல் மாறினாலும் முதலிடம் முதலிடம்தான்.

இதற்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதுவும் நம் காரியத்துக்கு நேர் குறுக்கே. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 6204-2RS சொல் தேடலில் முதலிடம். வெக்டர் பட்டியலில் இடமே இல்லை. அதற்குக் கிடைப்பது 1/61, அதாவது 0.0164. 6205-2RS, 2RS என்ற பின்னொட்டின் தயவில் சொல் தேடலில் 9-ஆவது, வெக்டரில் 3-ஆவது. அதற்கு 1/69-உம் 1/63-உம் சேர்ந்து 0.0304. கேட்ட பொருளை அதன் அண்டைவீட்டுப் பொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கில் தோற்கடித்துவிடுகிறது. இரண்டு பட்டியலிலும் சுமாராக இருப்பதற்கு இந்த முறை சலுகை காட்டுகிறது. ஒன்றில் மட்டும் அசைக்க முடியாமல் நிற்பதற்குக் காட்டுவதில்லை.

எனவேதான் தனிப் பாதை. பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் இடைவெளி, கோடு நீக்கி, பெரிய எழுத்தாக்கி முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோம்.

```python
import re

def norm(s):
    return re.sub(r"[\s\-/.]", "", s).upper()
```

கேள்வி வந்ததும் அடுத்தடுத்த ஒன்று, இரண்டு, மூன்று சொற்களைச் சேர்த்து இதே சலவை செய்து, பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நீளமான பொருத்தமே செல்லும். கிடைத்தால் அந்தப் பொருள் நேராக முதலிடம். மற்ற இடங்களை மட்டும் வரிசை இணைப்பு நிரப்பும். எண்ணின் வடிவத்தை வைத்து ஊகிக்காமல் பட்டியலோடு ஒப்பிடுவதால் தொலைபேசி எண்ணெல்லாம் பேரிங் ஆவதில்லை. பின்னொட்டு இல்லாமல் 6204 என்று மட்டும் வந்தால், ரப்பர் சீலா, உலோக மூடியா என்று பாட் திருப்பிக் கேட்கும்.

சொல் தேடலின் இன்னொரு தொல்லையையும் இந்தச் சலவை தீர்த்துவைத்தது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் வழக்கமான சொல் பிரிப்பான் 6204-2RS-ஐக் கோட்டில் வெட்டி இரண்டாக்கும். 6204ZZ-ஐ ஒரே சொல்லாக விட்டுவைக்கும். அதனால் "6204 ZZ" என்று இடைவெளி விட்டுத் தட்டியவருக்கு 6204ZZ அகப்படாது.

சலவையால் தீராதது பிராண்டுக்கு ஒரு பெயர் வைக்கும் வழக்கம். இருபுறமும் உரசும் ரப்பர் சீல் உள்ள பேரிங்கை எஸ்கேஎஃப் 2RSH என்கிறது, என்எஸ்கே DDU என்கிறது, என்டிஎன் LLU என்கிறது. எந்தத் தேடலும் இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு பத்திகள் கொண்ட ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறோம். கணக்கரே புதிய பெயரைச் சேர்க்கிறார். பராமரிப்பில் வழக்கமாக மிஞ்சுவது இந்தத் தாள்தான்.

எங்கள் பட்டியல் சில ஆயிரம் பொருள்களோடு நிற்கிறது. லட்சக்கணக்கில் சரக்கு இருந்து, பழைய கேள்விகளின் பதிவும் எடையை ஓயாமல் சரிபார்க்க ஆளும் இருக்கும் இடத்தில் கூட்டல் முறை முந்தக்கூடும். அந்த அளவில் நான் வேலை செய்ததில்லை. இணைத்த பட்டியலை இன்னொரு மாடலிடம் கொடுத்து மறுவரிசைப்படுத்தும் முறையையும் கொஞ்சமாகத்தான் தொட்டிருக்கிறேன். தரம் கூடுகிறதோ இல்லையோ, பதில் தாமதமாவது கண்ணுக்குத் தெரிந்தது.

எந்த வழியில் போனாலும், பட்டியலில் உள்ள எண்ணைக் கேட்டும் அது முதல் மூன்றில் வராத கேள்விகளைத் தனியே பதிவு செய்யுங்கள். தனிப் பாதை போட்டவர்களுக்கு அந்தப் பதிவு காலியாகவே இருக்க வேண்டும். ஒரு வரி விழுந்தாலும் சலவையில் ஏதோ ஒரு குறி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அதில் சிக்காத பிழை, வாடிக்கையாளரே 6204-ஐ 6024 என்று மாற்றித் தட்டுவது. 6024-உம் நிஜமான பேரிங். பட்டியலில் இருந்தால் பாட் அதையே எடுத்துக் கொடுக்கும். இதற்காகத்தான் பதிலில் உள்விட்டத்தையும் காட்டச் சொன்னோம். இந்த வகை எண்களில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம். 6024-க்கு 120 மி.மீ. என்று திரையில் பார்த்ததும், அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றி வைத்திருப்பவருக்குத் தான் தட்டிய எண் தவறு என்று புரிந்துவிடும்.