வலது −1, இடது −6: கண்ணாடியில் தலைசுற்றல், காண்டாக்ட் லென்ஸில் நிம்மதி

என் வலது கண்ணின் பவர் −1.00, இடது கண்ணின் பவர் −6.00. சிலிண்டர் பவர் எதுவும் இல்லை. முதலில் முழு பவரில் கண்ணாடி போட்டேன். பிறகு காண்டாக்ட் லென்ஸுக்கு மாறி, அதையே பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் உள்ளவர்கள் புதுக் கண்ணாடியில் தலை சுற்றுகிறது என்று சொன்னால், போடப் போடப் பழகிவிடும் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒரு டயாப்டர் வித்தியாசத்துக்கு அது சரி. ஐந்து டயாப்டரை அப்படி விட்டுவிட முடியாது.

முழு பவர் கண்ணாடியில் ஒவ்வொரு கண்ணும் தனியாகக் கடைசி வரி வரை தெளிவாகப் படித்தது. இரண்டையும் திறந்தால்தான் சிக்கல். சுவரிலிருந்த சுவிட்ச் போர்டை ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்த்தேன். இடது கண்ணுக்கு அது சின்னதாகத் தெரிந்தது, உற்றுப் பார்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு. இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது விளிம்புகள் ஒட்டாமல் நெளிந்தன. தலையைத் திருப்பினால் அறையே வழுக்கிக்கொண்டு போவது போலிருந்தது. படி இறங்கும்போது கைப்பிடியை விட முடியவில்லை.

மைனஸ் லென்ஸ் எதையும் சிறிதாக்கித்தான் காட்டும். எவ்வளவு சிறிதாக்கும் என்பது பவரையும், லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. கண்ணாடி கருவிழிக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். கண்மணி வரை கணக்கிட்டால் 15. அந்தத் தூரத்தில் −6 லென்ஸ் உருவத்தை ஏறக்குறைய 8 சதவீதம் சுருக்குகிறது, −1 லென்ஸ் ஒன்றரை சதவீதம். ஆக, இரண்டு கண்ணுக்கும் நடுவே கிட்டத்தட்ட 7 சதவீத வித்தியாசம். இந்த அளவு வித்தியாசத்துக்கு அனிசைகோனியா என்று பெயர். ஓரிரு சதவீதத்திலேயே சிலருக்குத் தலைவலி வரும். 5 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு உருவத்தையும் ஒன்றாக்குவது மூளைக்குப் பெரும்பாடு.

அளவு மட்டும்தான் காரணம் என்று முதலில் நினைத்திருந்தேன். படிக்க உட்காரும்போது வந்த தொல்லைக்கு வேறு காரணம் இருந்தது. லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் அது ப்ரிசம் போல வேலை செய்து உருவத்தை இடம் மாற்றும். மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறோமோ, அதைப் பவரால் பெருக்கினால் ப்ரிசத்தின் அளவு கிடைக்கும். புத்தகம் படிக்கக் கண்ணை மட்டும் தாழ்த்தினால் மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கண்ணுக்கு 6 ப்ரிசம் டயாப்டர், வலது கண்ணுக்கு 1. மிச்சம் 5. நாற்பது சென்டிமீட்டர் தூரத்துப் பக்கத்தில் அது சுமார் இரண்டு சென்டிமீட்டர் மேல்கீழ் விலகல், அதாவது சில வரிகள் தள்ளி. கண்கள் பக்கவாட்டில் ஓரளவு சேர்ந்துகொள்ளும். மேல்கீழாக இரண்டு மூன்று ப்ரிசம் டயாப்டரைத் தாண்டிச் சமாளிப்பது பெரும்பாலோருக்குக் கடினம். படிக்கட்டில் கீழே பார்க்கும்போது கால் தடுமாறுவதும் இதனால்தான்.

இந்த இரண்டில் எது தொல்லை தருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் ஒரு கண்ணை மூடுங்கள். தலைசுற்றல் நின்றுவிட்டால் அது இரண்டு கண்ணும் சேர்வதில் உள்ள சிக்கல். நிற்காவிட்டால் பவரோ லென்ஸை மையப்படுத்தியதோ தவறாக இருக்கலாம், கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கண்ணையும் திறந்து, கண்ணைச் சுழற்றாமல் தலையையே குனிந்து படித்துப் பாருங்கள். எழுத்து ஒன்று சேர்ந்தால் ப்ரிசம்தான் முதல் குற்றவாளி. நேராகப் பார்க்கும்போதும் உறுத்தல் அப்படியே இருந்தால் அளவு வித்தியாசம்.

கண்ணாடியிலேயே கொஞ்சம் குறைக்க வழி உண்டு. சின்ன ஃப்ரேமாக எடுத்து, கண்ணுக்கு நெருக்கமாக உட்கார வைக்கலாம். இரண்டு லென்ஸின் தடிமனையும் வளைவையும் மாற்றி அளவை நெருங்கச் செய்யலாம். படிப்பதற்கு ஸ்லாப் ஆஃப் என்று ஒரு லென்ஸின் கீழ்ப்பகுதியைத் தனியாகச் சீவிச் செய்வதும் உண்டு. ஐந்து டயாப்டருக்கு இவை எதுவும் முழுத் தீர்வாக எனக்குப் படவில்லை.

காண்டாக்ட் லென்ஸில் இரண்டு தொல்லையும் ஒன்றாகக் குறைகின்றன. லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருவதால் அளவு வித்தியாசம், கணக்குப்படி, 7 சதவீதத்திலிருந்து சுமார் ஒன்றரை சதவீதமாக இறங்குகிறது. கண்ணோடு சேர்ந்து லென்ஸும் திரும்புவதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் மையம் வழியாகத்தான் பார்க்கிறோம், ப்ரிசம் பேச்சே இல்லை. பவரும் மாறும். கண்ணாடியில் −6.00 என்பது லென்ஸில் −5.50 ஆனது. முதல் நாள் லென்ஸ் போட்டுப் படி இறங்கியபோதே வித்தியாசம் தெரிந்தது.

இதற்கு எதிராக ஒரு பழைய பாடம் உண்டு. கண் நீளமாக இருப்பதால் வந்த பவர் வித்தியாசத்துக்குக் கண்ணாடியே உருவ அளவைச் சமமாக்கும் என்கிறது அது. காகிதத்தில் சரிதான். ஆனால் நீண்ட கண்ணில் விழித்திரையும் இழுபட்டிருக்கும், அதனால் மூளை உணரும் அளவு கணக்கோடு ஒத்துப்போவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் காண்டாக்ட் லென்ஸே பெரும்பாலும் இதமாக இருக்கிறது. போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது நான் அதிகம் பயன்படுத்துவது ஒரு கலப்பு முறை: இடது கண்ணுக்கு மட்டும் −4.50 லென்ஸ், அதன் மேல் இரண்டு பக்கமும் −1.00 உள்ள கண்ணாடி. கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே பவர் என்பதால் ப்ரிசம் வித்தியாசமே வராது. ஒரு லென்ஸைத்தான் பராமரிக்க வேண்டும். தூசியில் கண்ணாடி கொஞ்சம் தடுப்பாகவும் இருக்கிறது. இதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் வலியுறுத்திச் சொல்கிறேன், உங்கள் கண் பரிசோதகரிடம் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. கிட்டப்பார்வைக் கண்ணாடி, பக்கத்தில் பார்க்கும்போது கண்ணின் உழைப்பைக் கொஞ்சம் குறைத்துத் தரும். லென்ஸில் அந்தச் சலுகை போய்விடும். நாற்பதை நெருங்குபவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி சற்று முன்னதாகவே தேவைப்படலாம். ஒரு கண் சின்ன வயதிலிருந்தே சோம்பேறிக் கண்ணாக இருந்தால், லென்ஸ் போட்டாலும் அதன் பார்வை முழுதாக வராது. சிலருக்கு இரட்டையாகத் தெரியவும் தொடங்கலாம், அவர்கள் மருத்துவர் பார்த்த பிறகே முயல வேண்டும்.

தினமும் மாற்றும் லென்ஸைத்தான் நான் விரும்புகிறேன், டப்பாவும் சொல்யூஷனும் தேவையில்லை. மாத லென்ஸ் என்றால் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், டப்பாவை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். எந்த லென்ஸிலும் தண்ணீர் படக் கூடாது, போட்டபடியே தூங்கக் கூடாது. கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

லென்ஸைக் கழற்றிய பிறகு மாலையில் போட வேறு ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். அதில் இடது பக்கம் வேண்டுமென்றே −3.00 மட்டும்தான். தூரம் இடது கண்ணுக்கு மங்கல்தான், ஆனால் தலை சுற்றாது. வீட்டுக்குள் போதும். வண்டி ஓட்ட அதைப் போடுவதில்லை.