ஹாட் ஐல் கன்டெயின்மென்ட் போட்டு ரெண்டு மூணு கோடை தாண்டியாச்சு: எங்க ஹால்ல உண்மையில என்ன மிச்சமாச்சு

அம்பத்தூர் பக்கம் ஒரு கோலொகேஷன் டேட்டா சென்டர்ல ஃபெசிலிட்டி டீம்ல இருக்கேன். பழைய ஹால் ஒண்ணு, ரெய்ஸ்டு ஃப்ளோர், சில்டு வாட்டர்ல ஓடுற எட்டு கூலிங் யூனிட், ஐடி லோடு சுமாரா 300 கிலோவாட். அதுல ஹாட் ஐல் கன்டெயின்மென்ட் போட்டு, அதாவது சர்வர் சூடான காத்தைத் தள்ளுற பின்பக்க நடைவழியை கதவும் கூரையும் வச்சு மூடி, ரெண்டு மூணு கோடை ஓட்டிப் பாத்துட்டோம். போடலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கதவும் கூரை பேனலும் மாட்டுனதால மட்டும் கரன்ட் பில் ஒரு பைசா குறையாது. அது சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்க விடாம பிரிச்சு வைக்கும், அவ்ளோதான். அந்தப் பிரிவை வச்சு ஃபேன் வேகத்தைக் குறைச்சு, தண்ணி டெம்பரேச்சரை ஏத்தினாதான் காசு.

இதைப் புரிஞ்சுக்க ஒரு கிலோவாட்டுக்கு எவ்ளோ காத்து போகுதுன்னு பாக்கணும். கணக்கு ரொம்ப சிம்பிள், சிஎஃப்எம்னா நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்து, டெல்டா டின்னா உள்ள போற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் டெம்பரேச்சர் வித்தியாசம், செல்சியஸ்ல:

```
CFM ≈ 1760 × kW ÷ ΔT
```

எங்க சர்வர்கள் உள்ள இழுக்கிற காத்துக்கும் வெளிய தள்ளுற காத்துக்கும் 12 டிகிரி வித்தியாசம் இருந்துச்சு, அப்போ கிலோவாட்டுக்கு 147 சிஎஃப்எம் போதும். ஆனா கன்டெயின்மென்ட்டுக்கு முன்னாடி எட்டு யூனிட்டும் ஃபுல் ஸ்பீடுல, ஒவ்வொண்ணும் 12,000, மொத்தம் 96,000 சிஎஃப்எம், கிலோவாட்டுக்குப் பாத்தா 320. தேவைக்கு ரெண்டு மடங்குக்கும் மேல! அந்த எக்ஸ்ட்ரா காத்து சர்வர் பக்கமே போகாம கேபிள் ஓட்டை, ரேக் மேல இருக்கிற சந்து வழியா நேரா யூனிட்டுக்கே திரும்பிட்டு இருந்துச்சு. மீட்டர் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம், யூனிட்டோட சப்ளை 18, ரிட்டர்ன் 23.5, வெறும் 5.5 டிகிரிதான் வித்தியாசம், ஆனா சர்வர்ல 12. இந்த ரெண்டு நம்பரும் இவ்ளோ விலகி இருந்தா பாதி காத்து சும்மா சுத்துதுன்னு அர்த்தம்.

கன்டெயின்மென்ட் போட்டு, காலி ஸ்லாட் எல்லாத்துக்கும் பிளாங்கிங் பேனல் மாட்டி, தரை ஓட்டைக்கு பிரஷ் வச்சு அடைச்ச பிறகு எட்டு யூனிட்டையும் 60 சதவீத வேகத்துக்கு இறக்கினோம். 57,600 சிஎஃப்எம், கிலோவாட்டுக்கு 192. இதைவிடக் கீழயும் போகலாம், ஆனா லீக்குக்கும் ஒரு யூனிட் டிரிப் ஆனா மத்தது தாங்குறதுக்கும் கொஞ்சம் கை இருப்பு வேணும்ல. ஃபேன் பவர் கிட்டத்தட்ட வேகத்தோட மூணாவது அடுக்குல போகும், அதனால ஃபுல்ல 44 கிலோவாட் இழுத்த எட்டு ஃபேனும் இப்போ 11தான் இழுக்குது. மூணு யூனிட்டை ஆஃப் பண்ணி மிச்ச அஞ்சை ஃபுல்லா ஓட்டினா போதாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க, காத்து கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும் ஆனா ஃபேன் 27.5 கிலோவாட் எடுக்கும். எல்லாத்தையும் மெதுவா ஓட்டுறதுதான் சரி. 33 கிலோவாட் மிச்சம்னா வருஷத்துக்கு 2.9 லட்சம் யூனிட் கரன்ட்.

அடுத்தது கன்ட்ரோல், இங்கதான் நிறைய இடத்துல கோட்டை விடறாங்க. பழைய யூனிட் எல்லாம் ரிட்டர்ன் காத்தை 24ல வைக்கிற மாதிரி செட் ஆகி வரும். கன்டெயின்மென்ட் போட்டதும் ரிட்டர்ன் 27கிட்ட போயிடும், அது இயல்புதான், நமக்கு வேண்டியதும் அதுதான், ஆனா யூனிட் அதைப் பாத்து அய்யோ சூடு ஏறிடுச்சுன்னு சில்டு வாட்டர் வால்வை முழுசா திறந்துடும், சப்ளை 14, 15ன்னு இறங்கி ஹாலே உறைஞ்சு போகும். அதனால வால்வை சப்ளை டெம்பரேச்சர் பாத்து ஓட்டணும், ஃபேனை குளிர் பக்கத்துக்கும் ஹாட் ஐலுக்கும் நடுவுல இருக்கிற பிரஷர் வித்தியாசம் பாத்து ஓட்டணும். எங்களுக்கு குளிர் பக்கம் 2, 3 பாஸ்கல் அதிகமா இருந்தா போதும். மைனஸ்ல போச்சுன்னா சூடான காத்து ஓட்டை வழியா முன்பக்கம் வந்துடும், ரேக் மேல்பகுதியில இருக்கிற சென்சார்தான் முதல்ல காட்டிக் குடுக்கும். சென்சாரை நம்பலன்னா மெல்லிசா ஒரு டிஷ்யூ துண்டை கதவு இடுக்குல பிடிச்சுப் பாருங்க, ஹாட் ஐல் உள்பக்கமா சாயணும்.

ஒரு சம்பவம். ஒரு கஸ்டமர் ரேக்ல ஸ்விட்ச் மட்டும் அடிக்கடி டெம்பரேச்சர் அலாரம் அடிச்சுது, பக்கத்து சர்வர் எல்லாம் ஜம்முனு இருக்கு. போய்ப் பாத்தா கேபிள் வசதிக்காக ஸ்விட்சை ரேக்கோட பின்பக்கம், போர்ட் எல்லாம் ஹாட் ஐல் பாத்தபடி மாட்டியிருக்காங்க, ஃபேனோ போர்ட் பக்கத்துலேர்ந்து காத்தை இழுக்கிற டைப். அதாவது 35 டிகிரி காத்தை உறிஞ்சி முன்பக்கம் குளிர் ஐல்ல தள்ளிட்டு இருக்கு. கன்டெயின்மென்ட் இல்லாதப்போ கலந்த காத்து 27, 28ல இருந்ததால யாருக்கும் தெரியல. ஃபேன் மாட்யூலை எதிர்த்திசை டைப்பா மாத்தினதும் அலாரம் நின்னுச்சு. ஹால்ல இருக்கிற எல்லா ஸ்விட்சோட காத்து திசையையும் கதவு மாட்டுறதுக்கு முன்னாடியே செக் பண்ணிடுங்க.

இனி பியூஇ. மொத்த கரன்ட்டை ஐடி கரன்ட்டால வகுத்தா வர்றது. எங்களுக்கு 1.68ல இருந்துச்சு, ஃபேன் குறைச்சதும், அந்த ஃபேன் சூட்டை எடுக்கிற சில்லர் வேலையும் குறைஞ்சதால 1.54. அப்புறம் சப்ளை காத்தை 18லேர்ந்து 23க்கு ஏத்தி அதுக்கேத்த மாதிரி சில்டு வாட்டரையும் ஏத்தினோம், 1.48 ஆச்சு. அதாவது 300 ஐடி, மொத்தம் 443 கிலோவாட்.

இதோட நிக்காம சப்ளையை 26க்கு ஏத்திப் பாத்தோம், அமெரிக்க ஏசி இன்ஜினியர்கள் சங்கமான ஆஷ்ரே சிபாரிசு பண்ற 18லேர்ந்து 27 வரைக்குமான வரம்புக்குள்ளதானே இருக்குன்னு. பியூஇ 1.45க்கு இறங்குச்சு. ஆனா மெயின் மீட்டர் பாத்தா மொத்தம் 443லேர்ந்து 448க்கு ஏறியிருக்கு! என்னன்னா, உள்ள வர்ற காத்து சூடானதும் சர்வருக்குள்ள இருக்கிற குட்டி ஃபேன் எல்லாம் வேகம் எடுத்துச்சு, ஐடி லோடு 300லேர்ந்து 309 ஆயிடுச்சு. சர்வர் ஃபேன் கரன்ட் ஐடி கணக்குலதான் சேரும், அதனால வகுக்கிற நம்பர் பெருசாகி பியூஇ அழகா தெரியுது, ஆனா பில் கூடுது. கிலோவாட்டுக்கு சிஎஃப்எம் கணக்கும் தப்பும், ஏன்னா சர்வர் கேக்குற காத்தே கூடிடும், டெல்டா டி குறையும். நாங்க திரும்ப 23, 24லயே வச்சுட்டோம். பியூஇ டார்கெட்டை மட்டும் காட்டச் சொல்ற மேனேஜ்மென்ட்கிட்ட இந்த மொத்த கிலோவாட் நம்பரையும் சேத்துக் காட்டுறேன், அவங்க கேக்கலன்னாலும்.

அதே மாதிரி ஒரு கஸ்டமர் காலி பண்ணிட்டுப் போனா பியூஇ ஏறும். யூபிஎஸ் இழப்பு, பம்ப், லைட் எல்லாம் அப்படியே இருக்கும், ஐடி மட்டும் குறையும், யாரும் ஒண்ணும் கெடுக்கல. மே மாச நம்பரை டிசம்பரோட ஒப்பிட்டும் பிரயோஜனம் இல்ல, நம்ம ஊர் ஈரப்பதத்துல கூலிங் டவர் எவ்ளோ குளிர்விக்கும்ங்கிறதை காத்தோட சூட்டையும் ஈரத்தையும் சேத்துக் காட்டுற வெட் பல்ப் டெம்பரேச்சர்தான் முடிவு பண்ணுது. அதனால எங்க ஷீட்ல வாராவாரம் அஞ்சு நம்பர்: யூபிஎஸ் அவுட்புட்ல ஐடி யூனிட், மெயின் மீட்டர் யூனிட், சராசரி வெட் பல்ப், யூனிட் ரிட்டர்னுக்கும் சப்ளைக்கும் வித்தியாசம், அப்புறம் கிலோவாட்டுக்கு சிஎஃப்எம். கடைசி ரெண்டும்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெட் பல்ப் மாறாம அந்த வித்தியாசம் 9லேர்ந்து 8க்கு வந்துச்சுன்னா, யாரோ சர்வரைக் கழட்டிட்டு பிளாங்கிங் பேனலைத் திரும்ப மாட்டாம போயிருக்காங்கன்னு அந்த வாரமே ஆளை அனுப்பிடறேன்.