'குறைத்தால்' முதலிலா, 'குறைக்கிறீர்கள் என்றால்' முதலிலா?

எழுத்துத் தமிழில் நிபந்தனை சொல்ல இன்று புழங்கும் வழிகள் இரண்டு. வினையோடு ஆல் ஒட்டி 'வந்தால்' என்பது ஒன்று. முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அதன் பின்னால் 'என்றால்' வைத்து 'வருகிறான் என்றால்' என்பது இன்னொன்று. 'தவறு இருப்பின்', 'தேவைப்படின்' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அறிவிப்புகளில்தான் பெரும்பாலும் கண்ணில் படும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தமிழே பேசி வளர்ந்தவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வேறு மொழிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி வரும். என் தம்பி புனேக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கே குடிவந்தபோது எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நான் ஆல் பக்கம் சாய்ந்தேன். இப்போதும் அந்தப் பக்கம்தான்.

என்றால் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தொடங்குவதற்கு அது சுலபம். தெரிந்த வாக்கியம் எதுவானாலும் கடைசியில் என்றால் சேர்த்தால் போதும். இறந்தகாலம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கியம் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறீர்கள், வருகிறது என்று ஆளுக்கேற்ற விகுதியைச் சரியாகப் போட்ட பிறகுதான் என்றாலுக்கே வர முடியும். ஆல் அப்படி இல்லை. நான் வந்தால், நீ வந்தால், அத்தை வந்தால், பஸ் வந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்.

பொருளிலும் ஒரு சாய்வு இருக்கிறது. 'மழை பெய்தால் குடை எடு' என்பது வெறும் நிபந்தனை, மழை வரலாம், வராமலும் போகலாம். 'மழை பெய்கிறது என்றால் குடை எடு' என்று சொன்னால், மழை பெய்கிறது என்று யாரோ சொல்லிவிட்டதுபோல ஒரு தொனி வந்துவிடுகிறது. சின்ன வாக்கியத்துக்கு அந்தத் தொனி பெரும்பாலும் தேவையில்லாத சுமை.

ஆல் வடிவம் பிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. 'அவன்' போட்டு இறந்தகாலத்தைச் சொல்லுங்கள், கடைசி ன் எழுத்தை ல் ஆக்குங்கள். வந்தான் வந்தால் ஆகும், போனான் போனால் ஆகும், சாப்பிட்டான் சாப்பிட்டால் ஆகும், நின்றான் நின்றால் ஆகும். மழைக்கு 'அவன்' பொருந்தாதே என்று தயங்க வேண்டாம். பெய்தான் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் பெய்தால் வந்துவிடும். ஆக, இறந்தகாலம் சரியாகத் தெரிந்தால் ஆல் சரியாக வரும். தப்பு நடக்கும் இடமும் அதுதான். 'பருப்பு வேகினால் இறக்கு' என்று சொல்பவருக்கு ஆல் தெரியாமல் இல்லை, வேகு என்பதன் இறந்தகாலம் வெந்தது என்பது தெரியவில்லை. திருத்த வேண்டியது அதை. 'பருப்பு வெந்தது' என்று நாலு தடவை அடுப்படியில் காதில் விழுந்தால் 'வெந்தால் இறக்கு' தானாக வரும்.

இனி வினை ஒன்றை எடுத்து முழுக்க நடத்திப் பார்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீட்டுத் தூண், மரப்பெட்டி, எனாமல் தூக்கு, சாமி படம் என்று கிடைக்கும். அங்கே பேரம் பேச 'குறை' என்ற ஒரு வினை போதும். அதனால் பாடத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு பிரிவினை. விலை தானாகக் குறைந்தால் குறைந்தது, கடைக்காரர் குறைத்தால் குறைத்தார். எனவே 'விலை குறைந்தால் வாங்குவேன்' ஒன்று, 'விலையைக் குறைத்தால் வாங்குவேன்' வேறொன்று. ந்த் வந்தால் தானாக நடப்பது, த்த் வந்தால் ஒருவர் செய்வது. உடைந்தால் உடைத்தால், சேர்ந்தால் சேர்த்தால், நனைந்தால் நனைத்தால் எல்லாம் இதே கணக்கு. எல்லா வினையும் இப்படி ஜோடியாக இருக்காது. நடந்தால், படித்தால் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆல் பக்கம் நான் சாய்ந்ததற்கு முக்கியமான காரணம் அடுத்து வருவது. 'குறைத்தால் வாங்குவேன்' என்று சொல்லத் தெரிந்தவருக்கு 'குறைத்தாலும் வாங்கமாட்டேன்' என்று சொல்ல உம் ஒன்றே ஒன்றுதான் கூடுதல். வேறு எதுவும் மாறுவதில்லை. நிபந்தனை நிறைவேறினால் ஒரு முடிவு வரும் என்று எதிர்பார்க்கிறோம் அல்லவா, உம் வந்ததும் அந்த எதிர்பார்ப்பு உடைகிறது. அதனால் முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். குறைத்தால் வாங்குவேன், குறைத்தாலும் வாங்கமாட்டேன். குறைக்காவிட்டால் போய்விடுவேன், குறைக்காவிட்டாலும் வாங்குவேன். முன்னால் ஒரு கேள்விச்சொல் வைத்தால் கதவு முழுசாக அடைபடும்: 'எவ்வளவு குறைத்தாலும் வாங்கமாட்டேன்', 'யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்'. 'குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் இது எனக்கு வேண்டும்' என்று இரண்டையும் அடுக்கவும் செய்யலாம், ஆனால் கடைக்காரர் காதில் விழும்படி அதைச் சொல்லக் கூடாது.

இதையே என்றால் வழியில் செய்து பாருங்கள். 'நீங்கள் குறைக்கிறீர்கள் என்றால் வாங்குகிறேன்' வரை சரி. உம் சேர்த்து 'நீங்கள் குறைக்கிறீர்கள் என்றாலும் வாங்கமாட்டேன்' என்றதும் பொருள் நகர்ந்துவிடுகிறது. அவர் குறைக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு 'ஆனாலும்' என்று இழுப்பதுபோல ஆகிவிடுகிறது. 'மழை பெய்யும் என்றாலும் போவேன்' என்பதும் அப்படித்தான், மழை உறுதி என்று எடுத்துக்கொண்ட பேச்சு அது. வெறும் ஊகத்துக்கு 'மழை பெய்தாலும் போவேன்' என்பதுதான் இயல்பு. முதல் பாடத்தை என்றாலில் தொடங்கியவர் இரண்டாவது பாடத்துக்கு எப்படியும் ஆல் பக்கம் வந்தாக வேண்டும். முதலிலேயே ஆலில் தொடங்கிவிட்டால் அந்த வேலை மிச்சம்.

என் மாணவியான தம்பி மனைவிக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மராத்தியில் 'பாவூஸ் படலா தர்' என்றால் மழை பெய்தால், 'பாவூஸ் படலா தரீ' என்றால் மழை பெய்தாலும். அங்கேயும் இறந்தகால வடிவம்தான் அடிப்படை, தர் என்பது தரீ ஆனால் நம் உம் சேர்ந்த கணக்கு. இனி நடக்கப்போவதற்கு ஏன் இறந்தகாலம் என்று அவள் கேட்கவே இல்லை. வேறு மொழிக்காரர்களிடம் இந்த வழி இவ்வளவு சுளுவாக எடுபடும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

ஆலில் வழுக்கும் இடங்களில் பெரியது ஓர் எழுத்து வித்தியாசம். குறைத்தால், குறைத்ததால். முதலாவது நிபந்தனை, இரண்டாவது காரணம். 'விலையைக் குறைத்ததால் வாங்கினேன்' என்றால் அவர் குறைத்துவிட்டார், சாமான் வீட்டுக்கு வந்துவிட்டது. பின்பாதியைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். வாங்கினேன், போகவில்லை என்று ஒரே ஒரு தடவை நடந்து முடிந்ததைச் சொன்னால் முன்னால் வெறும் ஆல் நிற்காது. 'நேற்று மழை பெய்தால் போகவில்லை' என்று யாராவது சொன்னால் அவர் சொல்ல வந்தது பெய்ததால். நேற்று நடக்காத ஒன்றை ஊகித்துச் சொல்ல வேண்டுமானால் இருந்தால் சேர வேண்டும்: 'குறைத்திருந்தால் வாங்கியிருப்பேன்', 'குறைத்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டேன்'. இரண்டு பாதியிலும் இரு வருகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

உம் வழியிலும் ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது. 'கூப்பிட்டாலும் வரமாட்டான்' என்றால் இன்னும் கூப்பிடாமலே இருக்கலாம். 'கூப்பிட்டும் வரவில்லை' என்றால் கூப்பிட்டது நடந்துவிட்டது, அவன்தான் வரவில்லை. 'குறைத்தும் வாங்கவில்லை' என்று சொன்னால் கடைக்காரருக்கு வருத்தம் வருவது நியாயமே.

அப்புறம் எழுத்துப் பிழை. வந்தால், வந்தாள் இரண்டுக்கும் ல், ள் மட்டுமே வேறுபாடு. மராத்தியில் ள் ஒலி இருப்பதால் இவளுக்குக் காது தடுமாறவில்லை. ஆனால் பேச்சில் நாமே இரண்டையும் 'வந்தா' என்றுதான் சொல்கிறோம். 'அவ வந்தா சொல்லு' என்பதில் நிபந்தனை, 'அவ நேத்து வந்தா' என்பதில் நடந்த செய்தி. பேச்சைக் கேட்டுக் கற்பவர் எழுதும்போது இந்த இடத்தில் நின்று யோசித்துத்தான் ஆக வேண்டும். 'அவள் வந்தாள் சொல்' என்று எழுதினால் யார் சொல்வது, என்ன சொல்வது என்று படிப்பவர் விழிப்பார்.

என்றாலை ஒதுக்க முடியாத இடங்களும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு அது கட்டாயம் வேண்டும். 'நாளை என்றால் வருகிறேன்', 'வெள்ளைப்பணியாரம் என்றால் எனக்கு நாலு' என்பவற்றில் ஆல் ஒட்ட வினையே கிடையாது. 'போதும்' என்பதும் அப்படி, 'போதும் என்றால் சொல்லுங்கள்' என்றுதான் வரும். வேண்டும் என்பதற்கு 'வேண்டுமென்றால்', 'வேண்டுமானால்' இரண்டும் ஓடும், உம் சேர்ந்தால் 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடு' என்பதே பழக்கம். முடியும், தெரியும், பிடிக்கும் இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடிந்தால், தெரிந்தால், பிடித்தால் என்று ஆல் வழிக்கே வந்துவிடும்.

எதிர்மறையில் நான் கறாராக இல்லை. 'வராவிட்டால்' கற்றுக்கொடுத்தேன், அவள் 'வரவில்லை என்றால்' என்பதையே எடுத்துக்கொண்டாள். ஏற்கெனவே வரவில்லை, போகவில்லை தெரிந்தவருக்கு அது குறுக்குவழி, ஆளுக்கேற்ற விகுதித் தொல்லையும் அங்கே இல்லை. தெருவில் 'வரலைன்னா', 'வராட்டி' என்று கேட்பதும் அதற்குத் துணை. உம் சேர்க்கும்போது மட்டும் 'வராவிட்டாலும்' வாய்க்கு லேசாக வருகிறது என்று இப்போது அவளே அதற்கு மாறியிருக்கிறாள்.