கணுக்கால் எரிவு: சப்பாத்துத் தாங்கியா, ஊசியா, சத்திரசிகிச்சையா?

உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், ஓர் இறுக்கமான நார்ப்பட்டைக்கு அடியில், உள்ளங்காலுக்குச் செல்லும் நரம்பு தசைநாண்களோடும் இரத்தக் குழாய்களோடும் நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த இடுக்கில் நரம்பு அழுந்தினால் கணுக்காலின் உட்புறம் எரிந்து, விறைப்பு உள்ளங்கால் வரை பரவும். எரிவு இரண்டு கால்களிலும் ஒரே சமயத்தில் விரல் நுனிகளில் தொடங்கினால் முதலில் நீரிழிவைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

மலையகத்தில் இயன்மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், கொழுந்து பறிக்கும் இரு பெண்கள் இதே வேதனையுடன் வந்தார்கள். எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டியதும் இருவருக்குமே பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தது. ஆனால் இருவருக்கும் ஏற்ற சிகிச்சை ஒன்றாக இருக்கவில்லை.

முதலாமவருக்குத் தட்டைப் பாதம். அவர் நிற்கும்போது குதிகால் வெளிப்பக்கம் சரிந்தது. மலைச்சரிவில் குறுக்காக நின்று பறிக்கையில் மேட்டுப் பக்கத்துப் பாதம் இன்னும் அதிகமாக உட்புறம் சாய்வதால் நரம்பு இழுபடுகிறது. நான் குதிகாலைக் கையால் நேராக நிமிர்த்திப் பிடித்தபோது, "இப்ப எரிச்சல் கொறையுதுங்க" என்றார். இத்தகையவருக்குப் பாத வளைவைத் தாங்கும் சப்பாத்துத் தாங்கியே முதல் தெரிவு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது ரப்பர் செருப்பில் நிற்காது. பின்பகுதி உறுதியான சப்பாத்து வேண்டும். ஆறு வாரங்களில் அவருடைய இரவு எரிவு பெருமளவு தணிந்தது.

ஸ்டீரொயிட் ஊசி விரைவில் ஆறுதல் தரும். தசைநாண் உறை வீங்கியிருந்தால் அதற்குப் பொருத்தமும் உண்டு. ஆயினும் குதிகாலின் சரிவை அது மாற்றாததால் எரிவு திரும்பி வரலாம். மீண்டும் மீண்டும் போட்டால் பாத வளைவைத் தாங்கும் தசைநாணே பலவீனமடையலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனியின் அளவும் ஏறும்.

இரண்டாமவருக்கு அதே தாங்கியைக் கொடுத்தோம், எரிவு கூடியது. எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தபோது நெல்லிக்காய் அளவில் ஒரு மிருதுவான புடைப்பு தட்டுப்பட்டது. ஸ்கேனில் அது நீர்க்கட்டி என்று தெரிந்தது. கட்டி உள்ளேயிருந்து நரம்பை அழுத்தும்போது தாங்கியால் பயனில்லை. கட்டியை அகற்றி, நார்ப்பட்டையை வெட்டித் தளர்த்தும் சத்திரசிகிச்சைதான் அங்கே நல்ல பலன் தருகிறது. காரணம் எதுவும் புலப்படாதவர்களுக்கு அதே சத்திரசிகிச்சை அந்தளவு நிச்சயமான பலனைத் தருவதில்லை. சிலருக்குத் தழும்பே நரம்பை மீண்டும் இறுக்கிவிடுகிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. சில வாரங்களுக்குக் காலூன்றக் கூடாது. லயத்துக்கு ஏறும் படிகளில் ஊன்றுகோலோடு நடக்க முடியாததால் அவர் கீழே இருந்த தங்கை வீட்டில் தங்கினார். அந்நாட்களின் கூலியும் போயிற்று. எரிவு இரண்டு மாதங்களில் அடங்கியது. ஆனால் இரண்டு ஆண்டுகள் எண்ணெய் மட்டும் தேய்த்துச் சமாளித்திருந்ததால் நரம்பு நெடுநாள் அழுந்திக் கிடந்துவிட்டது. ஏழு மாதங்கள் கழிந்தும் பெருவிரல் நுனியில் விறைப்பு நீங்கவில்லை.