கரண்ட் போனது அறிவித்தல்படி, வந்தது 318 வோல்ட்: 142,500 ரூபாய் போச்சு

உவர்மலைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பாளர் சங்கம் போன கிழமை ஒரு அறிவித்தல் ஒட்டியது: ‘பொதுப் பகுதி வயரிங் மாற்றம். சனி காலை 9 முதல் 1 வரை மின்சாரம் தடைப்படும்.’ அவ்வளவுதான்.

பிரிட்ஜ், டீவி எல்லாம் கழற்றி வைக்கவா என்று சங்கத் தலைவரிடமே கேட்டேன். “அதெல்லாம் தேவையில்லை தம்பி, படிக்கட்டு லைட்டுக்குத்தான் வேலை, உங்கட லைனைத் தொடமாட்டம்” என்றார். வயதானவர், நல்ல மனுஷன் என்று நம்பினேன். இப்போது நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது.

1.20க்குக் கரண்ட் வந்தது. எங்கள் வீட்டு லைட்டெல்லாம் கண் கூசுகிற வெளிச்சம். கீழ்வீட்டு அக்காவின் ஃபேன் சுற்றவே இல்லையாம். பிரிட்ஜிலிருந்து ஒரு உறுமல், பிறகு கருகிய மணம். மெயின் சுவிட்சை ஓடிப்போய் நிறுத்துவதற்குள் டீவியும் ரவுட்டரும் முடிந்துவிட்டன. பக்கத்து வீட்டுத் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தான். 230 இருக்கவேண்டிய இடத்தில் 318.

மின்சார சபை ஆட்கள் வந்து, தங்கள் கேபிளில் மூன்று பேஸும் சரி என்றார்கள். கோளாறு உள்ளே, மீட்டர்களுக்குப் போகிற பொது நியூட்ரலில், அதாவது எல்லா வீட்டுக் கரண்டும் திரும்பிப் போகிற வயரில். பழைய வயரை எடுக்க வயரிங் பாஸ் அதைக் கழற்றியிருக்கிறார், திரும்ப முறுக்கிப் பூட்டவில்லை. நியூட்ரல் விட்டுப்போனால் வெவ்வேறு பேஸில் இருக்கிற வீடுகள், இரண்டு பேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போடும். அதிகம் ஓடுகிற பேஸில் குறையும், மற்றதில் ஏறும். பிரேக்கர் விழவில்லையே என்று கேட்காதீர்கள். அது பார்ப்பது ஓடுகிற கரண்டின் அளவை, ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது கசிவை. வோல்ட் ஏறினால் இரண்டும் சும்மா இருக்கும்.

பிரிட்ஜ் போர்ட் 48,500, டீவி 85,000, ரவுட்டர் 9,000. மொத்தம் 142,500.

தலைவர் “கரண்ட் சபையைக் கேளுங்கோ” என்கிறார். பாஸ் போன் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்து, வேலை முடிந்தது என்று ஒப்பம் வாங்கிவிட்டேன் என்றார். செயலாளரோ, “எல்லாரும் பிளக்கைக் கழற்றித்தானே வைப்பினம்?” என்கிறார்! அதை அறிவித்தலில் ஒரு வரி போட்டிருந்தால் என் 142,500 மிஞ்சியிருக்கும்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ‘பொதுப் பகுதி மட்டும்’ என்று போட்டிருந்தாலும் உங்கள் மெயின் சுவிட்சை நிறுத்திவையுங்கள். கரண்ட் வந்ததும் பாஸை மீட்டர் வைத்து உங்கள் வீட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள், 230க்குக் கிட்ட இருந்தால் மட்டும் போடுங்கள். ஒரு வீட்டில் வெளிச்சம் கூடி இன்னொரு வீட்டில் மங்கினால் யோசிக்காமல் நிறுத்துங்கள். அறிவித்தலைப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் பலகையில் இருந்ததை நேற்று யாரோ கிழித்துவிட்டார்கள்.