சவுண்டு அமுங்கிக் கேக்குதா: ரிசீவர் மாடலா, மோல்டு மாடலா, எதை வீட்டுலயே சரி பண்றது ஈஸி?

காது மெஷின்ல சவுண்டு கம்மியா, வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரி கேட்டா உடனே மெஷின் போச்சுன்னு நினைக்காதீங்க, நிறைய நேரம் குறும்பிதான் வழியை அடைச்சிருக்கும். அப்பாவுக்கு ஸ்பீக்கர் காதுக்குள்ளயே போற ரிசீவர் மாடல், பெரியம்மாவுக்கு காதுக்குப் பின்னாடி மெஷின், டியூப், அப்புறம் காது அளவுக்குச் செஞ்சு உள்ள மாட்டுற மோல்டு. ரெண்டையும் நான்தான் க்ளீன் பண்றேன்.

கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிறதுல மோல்டுதான் பெஸ்ட். டியூப்பை மெஷினோட கொக்கியிலேருந்து கழட்டிட்டு, மெஷினை ஆன்ல வச்சு உள்ளங்கைக்குள்ள மூடிப் பாருங்க, நல்லா கூவுச்சுன்னா மெஷின்ல பிரச்சனை இல்ல, அடைப்பு டியூப்லயோ மோல்டுலயோதான். பெரியம்மாவுக்கு ஏசி ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்தாலே அமுங்கிடும். டியூப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா உள்ள குட்டியா ஒரு தண்ணி முத்து நிக்கும், காதோட ஈரக்காத்து குளிர்ந்த டியூப்ல தண்ணியாகிடுது, அவ்ளோதான். ரப்பர் பம்ப் வச்சு ஊதினா போயிடும். குறும்பின்னா கழட்டின மோல்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில கழுவி, ஊதி, ராத்திரி முழுக்க காய வச்சு மாட்டலாம், மெஷின் மேல ஒரு சொட்டு படக்கூடாது. டியூப் மஞ்சளாகி விறைச்சிடுச்சுன்னா மாத்தணும், பொதுவா 3லேருந்து 6 மாசத்துல வந்துடும்.

ரிசீவர் மாடல்ல இப்படிப் பிரிச்சுப் பாக்க வழியில்ல. காதுக்குள்ள போற குட்டி ரப்பர் தொப்பியான டோமைக் கழட்டினா நுனியில வெள்ளையா ஒரு வலை தெரியும், அதுதான் குறும்பியைத் தடுக்கிற வேக்ஸ் கார்டு. மாத்துற குச்சியோட ஒரு முனையால பழசைக் குத்தி இழுத்துட்டு, மறுமுனையில இருக்கிற புதுசை நேரா அழுத்தணும். உடனே சவுண்டு தெளிஞ்சா அதான் காரணம். ஊசி விட்டு நோண்டினா ரிசீவரே போயிடும். கம்பெனிக்குக் கம்பெனி கார்டு வேற, கை நடுங்குறவங்களால தனியா மாத்தவும் முடியாது, அதனால குறும்பி அதிகம் வர்றவங்களுக்கு நான் மோல்டைத்தான் சொல்வேன்.

பேட்டரி விஷயம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஸ்டிக்கர் உரிச்சு மாட்டுற பேட்டரி கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடி திடீர்னு விழும், அதனால வாரக்கணக்குல மெல்ல மெல்ல மங்கினா பேட்டரியைத் திட்டாதீங்க. விட்டு விட்டு கேக்குது, கரகரங்குது, பேட்டரி மூடியை அழுத்தினா சரியாகுதுன்னா கான்டாக்ட்ல அழுக்கோ பச்சையோ பிடிச்சிருக்கும். காஞ்ச பட்ஸால லேசா துடைங்க, தகடு வளையக்கூடாது. புது பேட்டரியோட ஸ்டிக்கரை உரிச்சதும் சில நிமிஷம் காத்துல வச்சுட்டு அப்புறம் மாட்டுங்க.

இதெல்லாம் பண்ணியும் கம்மின்னா ஆடியாலஜிஸ்ட் கிட்ட ஸ்டெத் மாதிரி குழாய் வச்சு மெஷினைக் கேக்கச் சொல்லுங்க. அதுல நல்லா கேட்டு, போடுறவருக்கு மட்டும் கேக்கலன்னா காதுக்குள்ளயே குறும்பி இருக்கலாம், இல்ல கேட்கும் திறன் குறைஞ்சிருக்கலாம். ஒரு காது திடீர்னு மங்கிடுச்சுன்னா மட்டும் மெஷினை நோண்டிட்டு உக்காராம அன்னைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்க.