தேதி சொல்வதா, அடுத்த போன் எப்போது என்று சொல்வதா?

2024 ஜூனில் செங்கடல் பக்கம் போக முடியாத கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததில் சிங்கப்பூர் துறைமுகம் திணறியது. சீனாவிலிருந்து எங்கள் சென்னைக் கடைக்கு வந்த ஒரு கண்டெய்னரும் அங்கே இறங்கி, அடுத்த கப்பலில் ஏற இடம் கிடைக்காமல் நின்றுவிட்டது. அதில் ஒரு டைனிங் டேபிள். ஜூன் 20 என்று வாக்குக் கொடுத்திருந்தோம். வாடிக்கையாளர் வீட்டில் ஜூலை 7 கல்யாணம்.

ஜூன் 10 அன்று ஏஜெண்ட் விஷயத்தைச் சொன்னார். எங்கள் முன்னால் மூன்று வழிகள்.

"போர்ட்டில் நெரிசல் சார், சீக்கிரம் வந்துடும்" என்பது முதல் வழி. இதில் பொய் இல்லை, ஆனால் கேட்பவருக்கு எதையும் முடிவு செய்ய உதவாது. மறுநாளே அவர் போன் செய்வார்.

இரண்டாவது, புதுத் தேதி கொடுப்பது. "ஜூன் 27 கண்டிப்பா" என்றால் அன்றைக்கு அவர் மனம் ஆறும். ஆனால் இரண்டாவது கப்பலில் பெட்டி ஏறும்வரை அந்தத் தேதி வெறும் யூகம். டிராக்கிங் பக்கத்தில் தெரிவதும் கப்பல் துறைமுகத்துக்கு வரும் நாள்தான். அதற்கப்புறம் இறக்கி, கஸ்டம்ஸ் முடித்து, கடைக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒரு வாரம் ஆகும். ஒரு முறை தவறினால் பொறுத்துக்கொள்கிறவர்கள், இரண்டாவது தேதியும் தவறினால் நம்மை நம்புவதில்லை.

மூன்றாவது, டேபிள் எங்கே நிற்கிறது என்பதையும் அடுத்து எப்போது பேசுவோம் என்பதையும் சொல்வது. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். கல்யாணத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். ஜூலை 5க்குள் வீட்டில் இருக்க வேண்டும். கடைக்கு வர ஒரு வாரம், கடலில் ஐந்து நாள் கழித்தால் ஜூன் 23. இரண்டு நாள் கைவசம் வைத்து 21 என்று முடிவு செய்தேன். முதலில் போன், பிறகு அதையே வாட்ஸ்அப்பில் எழுதினேன்:

"சார், உங்க டேபிள் சிங்கப்பூரில் இறங்கியிருக்கு, சென்னைக் கப்பலில் இன்னும் ஏறவில்லை. 20ஆம் தேதி வராது, மன்னிக்கணும். 14ஆம் தேதி மாலை நிலவரம் சொல்றேன். 21க்குள் ஏறாவிட்டால் கல்யாணத்துக்கு வராதுன்னு வெச்சுக்கலாம். அப்போ ஷோரூம் டேபிளை வீட்டில் போட்டுத் தர்றோம், இல்லைன்னா அட்வான்ஸ் முழுசும் திருப்பித் தர்றோம்."

அவர் கோபப்பட்டார். அது நியாயம்தான். ஆனால் 14 வரை ஒரு போனும் வரவில்லை. அன்று சொல்லப் புதிதாக எதுவும் இல்லை, இருந்தும் பேசினேன். இந்தப் போனைத் தவறவிட்டால் மூன்றாவது வழி முதல் வழியைவிட மோசமாகிவிடும்.

பெட்டி சென்னையிலேயே வரிசையில் நின்றால் கதை வேறு. அப்போது மிச்சமிருக்கும் வேலை நம் பக்கத்தில்தான் நடக்கிறது. "3 முதல் 6ஆம் தேதிக்குள்" என்று துணிந்து சொல்லலாம், இரண்டாவது வழியே நல்லது.

21 அன்றும் பெட்டி ஏறவில்லை. ஷோரூம் டேபிள் கல்யாண வீட்டுக்குப் போனது. அவருடையது ஜூலை 12 வந்ததும் மாற்றிக் கொடுத்தோம்.